63-ல் 27 போனால் 44: கணக்குப் பயமா, டிஸ்கால்குலியாவா?

கேள்வி: ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். ஒரு பெண், ஒரு பையன், இரண்டு பேருமே 50-க்குப் பத்தைத் தாண்டுவதில்லை. சக ஆசிரியை "டிஸ்கால்குலியாவா இருக்கும், ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க" என்கிறார். தலைமையாசிரியரோ "பயம்தான், போகப் போகச் சரியாயிடும்" என்கிறார். ஒரு ஆசிரியராக நான் இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பதில்:

டிஸ்கால்குலியா என்பது எண்ணின் அளவே பிடிபடாத கற்றல் குறைபாடு. அதுவா, வெறும் பயமா என்பதை மதிப்பெண்ணை வைத்துச் சொல்ல முடியாது. பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து, அரை மணி நேரம் இரண்டு விதமாகப் பார்க்க வேண்டும். முதலில், பயமுறுத்தும் விஷயங்களையெல்லாம் எடுத்துவிட்டு அதே கணக்கைக் கொடுங்கள். அடுத்து, எண்களை மிகச் சின்னதாக்கிக் கொடுங்கள். நம்பிக்கை இழந்த பிள்ளை பெரும்பாலும் முதல் கட்டத்திலேயே தேறிவிடும். எண்ணே பிடிபடாத பிள்ளை, பயம் இல்லாதபோதும், எண் ஒற்றை இலக்கமாக இருந்தாலும் தடுமாறும். அதற்குப் பிறகும் எட்டு வாரமாவது சொல்லிக்கொடுத்துப் பார்த்தால்தான் உறுதியாக ஏதாவது சொல்லலாம். ஏன் இப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மூன்று புளியங்கொட்டையைத் தரையில் போட்டால் நாம் யாரும் எண்ணுவதில்லை. பார்த்ததுமே மூன்று என்று தெரிந்துவிடுகிறது. நான்கு வரைக்கும் இப்படித்தான், அதற்கு மேல் போனால்தான் எண்ண வேண்டியிருக்கிறது. சிறு எண்ணிக்கைகளைப் பிரித்தறியும் இந்தத் திறமை பேச்சு வருவதற்கு முன்பே குழந்தைகளிடம் இருக்கிறது. பிரிட்டனின் பிரையன் பட்டர்வொர்த் போன்ற ஆய்வாளர்கள், டிஸ்கால்குலியாவின் வேர் இந்த அடிப்படை எண்ணுணர்விலேயே இருக்கிறது என்கிறார்கள். நினைவுத்திறன், எண்குறியை அளவோடு இணைப்பது ஆகியவற்றில் உள்ள குறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. எப்படியானாலும், "ஏழு" என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் நமக்குள் ஓர் அளவு தோன்றுகிறதே, அது அந்தப் பிள்ளைக்குச் சரியாகத் தோன்றுவதில்லை. அதன் மேல் கட்டுகிற கூட்டல், கழித்தல், வாய்ப்பாடு எல்லாம் வெறும் மனப்பாடமாக நின்று, நாலு நாளில் உதிர்ந்துவிடும்.

100 பிள்ளைகளில் 3 முதல் 7 பேருக்கு இது இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. உங்கள் வகுப்பில் 40 பேர் என்றால் ஒருவரோ இருவரோ, மிஞ்சினால் மூன்று பேர். பத்துப் பேர் மேல் சந்தேகம் வருகிறது என்றால் காரணத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

கணக்குப் பயம் வேலை செய்யும் விதமே வேறு. 63-லிருந்து 27-ஐக் கழிக்கும்போது, கடன் வாங்கியதை மனதில் வைத்துக்கொண்டே ஒன்றாம் இடத்தைக் கழித்து, திரும்பிப் பத்தாம் இடத்துக்கு வர வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மனதில் இடம் வேண்டும். "தப்பாப் போட்டா என்ன ஆகும், மிஸ் பார்த்துட்டே இருக்காங்க" என்ற எண்ணம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அமெரிக்க உளவியலாளர் மார்க் ஆஷ்கிராஃப்டின் ஆய்வுகளில் வெளிப்பட்டதும் இதுதான். பயம் அதிகமுள்ளவர்கள் எளிய ஒற்றை இலக்கக் கணக்கில் மற்றவர்களைப் போலவே செய்கிறார்கள், இனமாற்றம் வரும் கணக்கில்தான் சறுக்குகிறார்கள். சிலர் சீக்கிரம் முடித்துத் தப்பித்தால் போதும் என்று, சரியா தப்பா என்று பார்க்காமலே வேகமாகப் போட்டுவிடவும் செய்கிறார்கள். ஆசிரியர் கண்ணுக்கு இது அலட்சியமாகத் தெரியும்.

ஆக, பயம் இருக்கும் பிள்ளைக்கு அடித்தளம் நன்றாக இருக்கும், மேலே ஆட்டம் காணும். டிஸ்கால்குலியா இருக்கும் பிள்ளைக்கு அடித்தளமே தடுமாறும். ஆறாம் வகுப்புத் தேர்வுத்தாள் மேல்தளத்தை மட்டும்தான் சோதிக்கிறது. இருவருக்கும் ஒரே மதிப்பெண் வருவது அதனால்தான்.

நீங்கள் சொல்வதைப் போலவே ஒரு பெண்ணும் ஒரு பையனும் ஒரே பள்ளியிலிருந்து என்னிடம் வந்தார்கள். இரண்டு பேர் விடைத்தாளிலும் 63 − 27 = 44 என்று இருந்தது. தப்பும் ஒன்றுதான்: ஒன்றாம் இடத்தில் 3-லிருந்து 7 போகாது என்பதால் 7-லிருந்து 3-ஐக் கழித்துவிட்டு, 6-லிருந்து 2-ஐக் கழித்திருக்கிறார்கள். விடைத்தாளோடு நிறுத்தியிருந்தால் இருவருக்கும் ஒரே வைத்தியம்தான் நடந்திருக்கும்.

பெண்ணை முதலில் உட்கார வைத்தேன். என் கண் முன்னால் எழுதும்போது மறுபடியும் 44 என்றே போட்டாள். அதற்குள் இரண்டு முறை அழித்துவிட்டு "சரியா மிஸ்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தாளை வாங்கி வைத்துவிட்டு, பேச்சுவாக்கில் கேட்டேன்: "உன்கிட்ட 63 ரூவா இருக்கு, 27 ரூவாய்க்கு வாங்கிட்டே, மீதி எவ்ளோ வரும்?" கொஞ்சம் யோசித்தாள். "முப்பது போனா முப்பத்திமூணு... மூணு ஜாஸ்தி குடுத்துட்டேன்ல, முப்பத்தாறு." பிறகு அவளுடைய 44-ஐ எடுத்து, "இதோட 27-ஐக் கூட்டிப் பாரேன்" என்றேன். 71 என்று வந்ததும் நிமிர்ந்து பார்த்து, "ஐயோ, 63-தானே வரணும்" என்றாள். எண்ணின் அளவு அவளுக்குத் தெரிகிறது, ஒரு எண்ணைச் சௌகரியமாக உடைத்துச் சேர்க்கத் தெரிகிறது, விடை பொருந்தவில்லை என்பதும் உறைக்கிறது. பழைய மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பார்த்தபோது நான்காம் வகுப்பு வரை நன்றாகவே வாங்கியிருந்தாள். ஐந்தாம் வகுப்பில்தான் சரிவு. அந்த வருஷம் தினமும் வாய்ப்பாடு ஒப்பிக்கத் தவறியவர்களை வகுப்பு முடியும் வரை நிற்க வைப்பார்களாம். இதை அம்மா போகிற போக்கில் சொன்னார்.

பையன் வேறு மாதிரி. சிரித்துக்கொண்டே வந்தான், பயத்தின் அடையாளமே இல்லை. டிஸ்கால்குலியா என்றால் பிள்ளை கணக்கைக் கண்டாலே நடுங்கும் என்று நினைத்தால் இப்படிப்பட்டவர்களைத் தவறவிட்டுவிடுவோம். அதே 63 ரூபாய்க் கேள்விக்கு, கையில் காசு கொடுத்தால்தான் சொல்வேன் என்றான். கொடுத்ததும் 27-ஐ ஒவ்வொரு ரூபாயாக எண்ணி எடுத்தான், பத்து ரூபாய் நோட்டையும் பத்து முறை தட்டித் தட்டி எண்ணினான். மீதியை எண்ணி வந்த விடை 38. சரிபார்க்க 44-ஐயும் 27-ஐயும் கூட்டச் சொன்னேன். 71 என்று சரியாகவே எழுதினான், 63 வரவில்லையே என்பது அவனுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. 8-உம் 5-உம் எவ்வளவு என்றால், மேசைக்கடியில் விரலை வைத்து ஒன்றிலிருந்து தொடங்கி எட்டு வரை எண்ணி, அதற்குமேல் ஐந்து எண்ணினான். இரண்டு நிமிஷம் கழித்து 5-உம் 8-உம் என்று மாற்றிக் கேட்டேன். மறுபடியும் ஒன்றிலிருந்தேதான்.

விரல் விடுவதே குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எட்டை மனதில் வைத்து ஒன்பது, பத்து என்று மேலே எண்ணும் பிள்ளைக்கு எட்டு என்பது ஒரு முழு அளவாகத் தெரிகிறது. ஆறாம் வகுப்பிலும் ஒன்றிலிருந்தே தொடங்கும் பிள்ளைக்கு எட்டை நம்பத் தெரியவில்லை. அதனால் விடையைவிட "எப்படிப் போட்டே, சொல்லு" என்ற கேள்விதான் உங்களுக்கு அதிகம் சொல்லும். அதைக் குற்றம் விசாரிக்கும் குரலில் கேட்காதீர்கள். சரியான விடைக்கும் அதே கேள்வியைக் கேட்டுப் பழக்கிவிட்டால் பிள்ளை மறைக்காமல் சொல்லும்.

எண்ணைச் சின்னதாக்கிப் பார்க்கும் கட்டத்துக்கு இரண்டு பொருள் போதும், இரண்டையும் நீங்களே செய்துகொள்ளலாம். ஒன்று புள்ளி அட்டை: ஒன்று முதல் ஒன்பது வரை புள்ளிகளைச் சிதறலாக வைத்த அட்டைகள். தாயக்கட்டை, பகடையில் இருப்பதுபோல ஒழுங்காக வைக்காதீர்கள், பிள்ளைகள் வடிவத்தை மனப்பாடம் செய்திருப்பார்கள். அட்டையை ஒரு நொடி காட்டிவிட்டு மூடுங்கள். மூன்று, நான்கு புள்ளிக்குத் தயக்கம் இருக்கக் கூடாது. அந்தப் பையன் மூன்றைச் சொல்லிவிட்டான். நான்குக்கு, மூடிய அட்டையைப் பார்த்துத் தலையை ஆட்டி ஆட்டி எண்ணப் பார்த்தான், கடைசியில் ஊகமாக ஐந்து என்றான். அட்டையை மூடாமல் விட்டால் எல்லாப் பிள்ளையும் எண்ணிச் சரியாகச் சொல்லிவிடும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. அதே சமயம் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு செய்தால் பயப்படும் பிள்ளையும் உளறும். விளையாட்டாகச் செய்யுங்கள், பிள்ளையின் கண்ணையும் உதட்டையும் கவனியுங்கள்.

இன்னொன்று வெறும் கோடு. ஒரு முனையில் 0, மறுமுனையில் 100, நடுவில் எதுவும் குறிக்கக் கூடாது. 50 எங்கே வரும், 25 எங்கே, 90 எங்கே என்று ஒவ்வொன்றுக்கும் புதுக் கோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் பெரும்பாலான பிள்ளைகள் ஏறக்குறையச் சரியான இடத்தில் குறிப்பார்கள். அந்தப் பெண் 25-ஐக் குறிக்கக் கோட்டை மனதிலேயே பாதியாக்கி, பாதியில் பாதி எடுத்தாள். பையன் 25-ஐ நடுவைத் தாண்டி வைத்தான், 90-ஐ அதற்குப் பக்கத்திலேயே வைத்தான். இதில் கணக்கு எதுவும் போடவில்லை என்பதால் கணக்குப் பயம் குறுக்கே வருவது குறைவு. எனக்கு இந்தக் கோட்டின் மேல் நம்பிக்கை அதிகம்.

எண்களை எழுதச் சொல்லியும் பார்க்கலாம், ஆனால் மொழி குழப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழில் தொண்ணூறு என்ற சொல்லிலேயே நூறு கேட்கிறது. ஆங்கில வழிக்கு மாறிய பிள்ளைக்கு ஃபோர்ட்டீனும் ஃபோர்ட்டியும் ஒன்றுபோலக் காதில் விழும். இந்த இடங்களில் மட்டும் தப்பு வந்தால் அதை எண் குறைபாடாக எடுக்க வேண்டாம். எந்த மொழியில் கேட்டாலும் முந்நூற்று ஐந்தை 3005 என்று ஆறாம் வகுப்பிலும் எழுதினால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் அந்தப் பையனுக்கு டிஸ்கால்குலியா என்று நான் சொல்லிவிடவில்லை, சொல்லவும் கூடாது. மூன்றாவதாக ஒரு காரணம் எப்போதும் இருக்கிறது: யாரும் சொல்லிக்கொடுக்கவே இல்லை. 2020-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டில் தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மறுபடி திறந்தன. அதாவது ஒன்றாம் வகுப்பு முழுக்கவும் இரண்டாம் வகுப்பில் ஒரு பகுதியும் பள்ளியே இல்லாமல் போனது, பத்தின் கட்டும் இடமதிப்பும் கைக்கு வர வேண்டிய காலம் அது. வேலைக்காக ஊர் மாறிக்கொண்டே இருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். அப்படிப்பட்ட பிள்ளையும் விரல் விடும், 44 என்றே எழுதும். கண் பார்வை, காது, அடிக்கடி விடுப்பு, கவனக் குறைபாடு, வாசிப்புச் சிக்கல் எல்லாவற்றையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். பையன் தமிழ்ப் பாடத்தைத் தடையில்லாமல் வாசிக்கிறானா என்று மொழி ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இதைப் பிரிக்க ஒரே வழி சொல்லிக்கொடுத்துப் பார்ப்பதுதான். வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு 20 நிமிஷம், எட்டு வாரம். பத்துக்குள் இருக்கும் ஜோடிகளில் தொடங்குங்கள்: ஆறோடு எது சேர்ந்தால் பத்து, ஏழோடு எது. புளியங்கொட்டையை இரண்டு வரிசைக்கு ஐந்தைந்தாக வைத்துப் பார்த்தால் ஆறு என்பது "ஐந்தும் ஒன்றும்" என்று கண்ணுக்கே தெரியும். பிறகு ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். 63 என்றால் ஆறு கட்டும் மூன்று உதிரியும். 27-ஐ எடுக்க வேண்டுமானால் பிள்ளையே ஒரு கட்டைப் பிரித்தாக வேண்டும், கடன் வாங்குவது என்பது அப்போதுதான் அர்த்தமாகும். ஒவ்வொரு வாரமும் அதே ரகத்தில் பத்துக் கணக்கு கொடுத்து எத்தனை சரி, எந்த முறையில் போட்டது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்தப் பத்தைத் திங்கட்கிழமை காலையில் கொடுங்கள். வெள்ளிக்கிழமை படித்தது சனி, ஞாயிறு கடந்து நிற்கிறதா என்று தெரிய வேண்டும்.

நோட்டில் வரும் போக்கு பெரும்பாலும் மூன்று விதமாக இருக்கும். பயத்தால் தவித்த பிள்ளை இரண்டு மூன்று வாரத்திலேயே தாவி மேலே போகும், சொல்லிக்கொடுக்காத கணக்கையும் தானாகப் போட ஆரம்பிக்கும். பாடம் விட்டுப்போன பிள்ளை மெதுவாக ஏறும், ஆனால் ஏறியது இறங்காது, விரலில் ஒன்றிலிருந்து எண்ணுவதை விட்டு மேலே எண்ணத் தொடங்கும். டிஸ்கால்குலியா இருக்கும் பிள்ளை குச்சி கையில் இருக்கும்வரை செய்யும், எடுத்ததும் நின்றுவிடும். வெள்ளியன்று எட்டு சரி, திங்களன்று மூன்று. முறையும் மாறாமல் அதே இடத்தில் நிற்கும். மருத்துவ உலகம் பின்பற்றும் வரையறையும் இதைத்தான் கேட்கிறது: குறிப்பிட்ட உதவி கொடுத்தும் குறைந்தது ஆறு மாதம் சிரமம் நீடிக்க வேண்டும் என்கிறது 2013-ல் வந்த, மனநலக் குறைபாடுகளை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்.-5. உங்கள் எட்டு வாரம் அதன் முதல் பகுதி.

பயமும் டிஸ்கால்குலியாவும் சேர்ந்தே இருக்கும் பிள்ளைகளும் உண்டு. பிரிட்டனில் 1,757 பள்ளிப் பிள்ளைகளிடம் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் செய்து 2018-ல் வெளியிட்ட ஆய்வு இதில் தெளிவானது. கணக்குப் பயம் மிக அதிகமாக இருந்தவர்களில் 77 சதவீதம் பேர் கணக்கில் சராசரியாகவோ அதற்கு மேலாகவோ இருந்தார்கள். இன்னொரு பக்கம், டிஸ்கால்குலியா இருந்த பிள்ளைகளுக்கு அதிக பயம் இருக்கும் வாய்ப்பு, சராசரியாகக் கணக்குப் போடுபவர்களைவிட இரண்டு மடங்கு. அதாவது பயத்தைப் பார்த்ததும் குறைபாடு என்று முடிவு கட்டவும் கூடாது, பயம் இருக்கிறது என்பதற்காகக் குறைபாடு இல்லை என்று தள்ளிவிடவும் கூடாது. அதனால்தான் முதலில் பயத்தை விலக்கிவிட்டு எண்ணைப் பாருங்கள் என்று வரிசையாகச் சொன்னேன்.

உங்கள் வகுப்புப் பிள்ளைகள் இருவரும் என்னிடம் வந்த இருவரைப் போலவே இருந்தால் என்ன செய்வது? பெண்ணுக்குக் கணக்கை எளிதாக்கிக் கொடுக்காதீர்கள். மூன்றாம் வகுப்புக் கணக்கைக் கையில் கொடுத்தால் "உனக்கு இவ்வளவுதான் வரும்" என்றே அவள் புரிந்துகொள்வாள். ஆறாம் வகுப்புக் கணக்கையே கொடுங்கள், கரும்பலகைக்குக் கூப்பிடுவதையும் நேரம் குறிப்பதையும் மட்டும் சில வாரம் நிறுத்துங்கள். கூடவே கற்பித்தலும் வேண்டும், ஆறுதல் மட்டும் போதாது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எட்டு வாரம் தனித்தனியாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, அதன் விளைவை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்டார்கள். பயம் அதிகம் இருந்தவர்களுக்கு அந்தக் கற்பித்தலிலேயே பயம் குறைந்திருந்தது.

பையனுக்கு நேர் எதிர். ஆறாம் வகுப்புக் கணக்கை மேலும் மேலும் போட வைப்பதால் பயனில்லை, இருபதுக்குள் இறங்கி அங்கிருந்து கட்ட வேண்டும். எட்டு வாரத்துக்குப் பிறகும் நோட்டு அசையவில்லை என்றால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் பேசி, அவர் வழியாக அரசு மருத்துவமனை உளவியலாளரிடம் அனுப்புங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் "குறிப்பிட்ட கற்றல் குறைபாடு" என்ற தலைப்பின் கீழ் டிஸ்கால்குலியாவும் வருகிறது. தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு அந்தக் குறைபாடு இருப்பதற்கான சான்று வேண்டும். அனுப்பும் கடிதத்தில் "கணக்கில் மிகவும் பின்தங்கியவன்" என்று எழுதினால் அங்கே யாருக்கும் உதவாது. "8 + 5-ஐ ஒன்றிலிருந்து எண்ணுகிறான், நான்கு புள்ளியைப் பார்த்ததும் சொல்வதில்லை, 0 முதல் 100 வரையான கோட்டில் 25-ஐ நடுவுக்கு அப்பால் வைக்கிறான், எட்டு வாரப் பயிற்சியில் திங்கட்கிழமை மதிப்பெண் இவை" என்று எழுதி, நோட்டின் நகலையும் இணையுங்கள். தமிழ்ப் பாடத்தில் எப்படி இருக்கிறான் என்று ஒரு வரி சேருங்கள்.

மருத்துவமனையில் தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை வாய்ப்பாட்டு அட்டையைப் பார்த்துப் பெருக்க அவனை அனுமதியுங்கள், இலக்கங்கள் வரிசை தப்பாமல் இருக்கக் கட்டம் போட்ட நோட்டு கொடுங்கள், வகுப்புத் தேர்வில் கணக்கின் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். இதற்கெல்லாம் சான்றிதழ் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு நாளைக்கே தொடங்கலாம்.